காரகாம்சத்தில் கேது என்றால் கலியாணம் இல்லையா?

"ஐயா, புள்ளைக்குக் கலியாணமே சரிவராதாம், சன்னியாச ஆத்மாவாம்." மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து வந்த தாய் கைபேசியில் ஜாதகச் செயலியை நீட்டியபோது அழுதுவிட்டார். காரகாம்சத்தில் கேது நிற்பதுதான் காரணமாம். இந்தக் கதையோடு இந்த மாதம் என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் இது. பேசிவைத்த சம்பந்தத்தையும் நிறுத்திவிட்டார்களாம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜோதிடத்தின் ஜைமினி முறையில், நின்ற ராசிக்குள் அதிக பாகை கடந்த கிரகமே ஆத்மகாரகன். ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சத்தில் அது நிற்கும் ராசி காரகாம்சம். ஆன்மா எதற்காகப் பிறந்தது என்பதை அங்கிருந்து பார்ப்போம். செயலியின் கணக்கில் இந்தப் பிள்ளைக்கு மேஷச் சுக்கிரன் 27 பாகை 22 கலை, கடகச் சந்திரன் 27 பாகை 14 கலை. எனவே சுக்கிரன் ஆத்மகாரகன், காரகாம்சம் தனுசு. நவாம்சத்தில் கேதுவும் அங்கேதான்.

முதலில் பலனைப் பார்ப்போம். ஜைமினி சூத்திரம் கைவல்யம், அதாவது மோட்சம், என்று சொல்வது கேது காரகாம்சத்துக்கு 12இல் நிற்கும்போது. காரகாம்சத்திலேயே கேது நிற்பதற்கு அந்தப் பலனைச் சொல்லவில்லை. 12இலேயே நின்றாலும் அது ஆன்மா போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய பேச்சு. பிள்ளை, குட்டி, பேரன் எல்லாம் கண்டவர்களின் ஜாதகத்திலும் அந்த அமைப்பு இருக்கும். கலியாணத்துக்குப் பார்க்கவேண்டியது வாழ்க்கைத்துணையைக் காட்டும் தாரகாரகனையும் உபபதத்தையும். அந்த இரண்டையும் தொடாமல் ஒரு பெண்ணைச் சன்னியாசி ஆக்குவது சாஸ்திரமே இல்லை.

அடுத்தது நேரம். அம்மம்மா கொப்பியில் குறித்துவைத்ததைக் கொண்டுவரச் சொன்னேன். ஓரம் கிழிந்த ஒற்றை ரூல் தாள்; "விடிய 5.10", பக்கத்திலேயே சின்னதாய் "பழைய நேரம்". அந்த இரண்டு சொல்லையும் யாரும் கவனிக்கவில்லை. இலங்கைக் கடிகாரம் 1996 மே மாதம் ஒரு மணி முன்னே போய், அந்த ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. பிள்ளை பிறந்தது 90களின் கடைசியில். அப்போது படுவான்கரையில் பழைய நேரத்திலேயே ஓடிய வீடுகள் எத்தனையோ. செயலி புது நேரம் என்று எடுத்து, பிறப்பை அரை மணி முந்திப் போட்டுவிட்டது.

அரை மணியில் சந்திரன் ஏறத்தாழ 16 கலை நகரும். திருத்திப் போட்டால் சந்திரன் 27 பாகை 30 கலை. சுக்கிரன் 27 பாகை 23 கலையில் பின்தங்கிவிட்டது. ஆத்மகாரகன் சந்திரன், காரகாம்சம் மீனம். கேது அதற்கு 10இல் போய்விட்டது. 12ஆம் இடமான கும்பத்தில் ஒன்றுமே இல்லை.

1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளையின் ஜாதகம் என்றால், எந்தக் கடிகாரம் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்காமல் எவரிடமும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு கிரகங்களுக்கும் இடையில் அரைப் பாகைகூட இல்லை, அதில் ஒன்று சந்திரன் என்றால், ஆத்மகாரகன் இதுதான் என்று அடித்துச் சொல்பவரை நம்பவேண்டாம். ராகுவைச் சேர்த்து எட்டு காரகம் எடுப்பவரா, ஏழு மட்டும் எடுப்பவரா என்பதையும் கேளுங்கள். அதிலும் ஆள் மாறும்.

அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்றைக்கே ஆள் அனுப்புங்கள். அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.