மொத்தப் புள்ளி முறையில் இப்போதைய சதவீதம்: எதை எதால் வகுப்பது?

செமஸ்டர் பாதி ஓடியிருந்த நேரம். ஒரு மாணவி செல்போனை என் முன்னால் நீட்டினாள். கால்குலேட்டரில் 85.4 என்று இருந்தது. "ஆனா கோர்ஸ் பக்கத்துல 76.8னு காட்டுது சார். சிஸ்டம் தப்பாப் போடுதா?" பக்கத்தில் நின்ற அவள் தோழி, "நான் போட்டுப் பார்த்தா 38.4 வருது" என்றாள். மூன்று கணக்குக்கும் அடிப்படை அவளுடைய அதே ஆறு மதிப்பெண்கள்தான்.

அந்தப் பாடத்தின் விதி ஒரு வரிதான்: பெற்ற மொத்தப் புள்ளிகளைப் பெறக்கூடிய மொத்தப் புள்ளிகளால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். "பெறக்கூடிய மொத்தம்" என்பது எந்தத் தேதி வரைக்குமான மொத்தம் என்று அந்த வரி சொல்லவில்லை. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில், இந்த விதி உங்கள் பாடத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். சிலபஸில் "வீட்டுப்பாடம் 20 சதவீதம், இறுதித் தேர்வு 40 சதவீதம்" என்று பிரிவுவாரியாகப் பங்கு குறிப்பிட்டிருந்தால் அது எடையிட்ட முறை. அதற்குக் கணக்கே வேறு, இங்கே சொல்வது உதவாது. "இந்தப் பாடம் மொத்தம் 500 புள்ளிகள்" என்று இருந்து, ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை புள்ளி என்று போட்டிருந்தால் அது மொத்தப் புள்ளி முறை. கூகுள் கிளாஸ்ரூமில் இந்த இரண்டுக்கும் `Total points`, `Weighted by category` என்று பெயர்.

அந்தப் பெண்ணின் மதிப்பெண்கள் இவை. பாடத்தின் முழு மொத்தம் 500.

| வேலை | பெற்றது | மொத்தம் |
|---|---|---|
| வீட்டுப்பாடம் 1 | 20 | 20 |
| வீட்டுப்பாடம் 2 | 18 | 20 |
| வீட்டுப்பாடம் 3 | 19 | 20 |
| குவிஸ் 1 | 24 | 30 |
| லேப் அறிக்கை | 33 | 40 |
| இடைத்தேர்வு | 78 | 120 |

பெற்றதைக் கூட்டினால் 192. இந்த ஆறு வேலைகளின் மொத்தம் 250. 192ஐ 250ஆல் வகுத்தால் 0.768, அதாவது 76.8 சதவீதம். சிஸ்டம் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

அவளுக்கு 85.4 எப்படி வந்தது? ஆறு வேலைகளுக்கும் தனித்தனியாகச் சதவீதம் கண்டுபிடித்திருந்தாள்: 100, 90, 95, 80, 82.5, 65. அவற்றைக் கூட்டி ஆறால் வகுத்திருந்தாள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அப்படிச் செய்யும்போது 20 புள்ளி வீட்டுப்பாடமும் 120 புள்ளி இடைத்தேர்வும் ஒரே கனம் உள்ளவை ஆகிவிடுகின்றன. மொத்தப் புள்ளி முறையில் ஒரு புள்ளி எங்கிருந்து வந்தாலும் ஒரு புள்ளிதான். இடைத்தேர்வில் அவள் விட்டது 42 புள்ளி. மூன்று வீட்டுப்பாடத்திலும் சேர்த்து விட்டது வெறும் 3. சராசரி போட்டதில் இடைத்தேர்வின் பாரம் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. உண்மையில் இதுவரை நடந்த வேலைகளில் இடைத்தேர்வு மட்டுமே கிட்டத்தட்ட பாதி. எல்லா வேலைகளுக்கும் ஒரே மொத்தம் இருந்தால் இரண்டு வழியிலும் எப்போதும் ஒரே விடைதான் வரும். முதல் சில வாரங்களில் எல்லாம் 20 புள்ளி வீட்டுப்பாடமாகவே இருப்பதால், இந்தத் தப்பு யாருக்கும் தெரியாமல் பழகிப்போகிறது. முதல் பெரிய தேர்வு முடிந்த பிறகுதான் அது வெளியே வரும்.

தோழி 192ஐ 500ஆல் வகுத்திருந்தாள். இன்னும் நடக்காத தேர்வுகளையும் கீழே, அதாவது வகுக்கும் எண்ணில், சேர்த்துவிட்டாள். அது இப்போதைய சதவீதம் அல்ல. ஆனாலும் அந்த 38.4ஐ நான் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன், அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. இனிமேல் எதையுமே எழுதாமல் விட்டாலும் கடைசியில் கையில் நிற்கப்போவது அதுதான். மறுபுறம், மிச்சமுள்ள 250 புள்ளியையும் முழுதாக வாங்கினால் 442, அதாவது 88.4 சதவீதம். இறுதிச் சதவீதம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் விழும்.

ஆக, இப்போதைய சதவீதத்துக்கு விதி இது: திருத்தி மதிப்பெண் போட்ட வேலைகள் மட்டும் மேலேயும் வரும், கீழேயும் வரும். திருத்தாத வேலை மேலேயும் வராது, கீழேயும் வராது. கீழே மட்டும் சேர்த்துவிட்டால் சதவீதம் காரணமில்லாமல் சரியும்.

அடுத்தது வெற்றிடமும் பூஜ்யமும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கணக்கில் இரண்டுக்கும் தூரம் அதிகம். அதே பெண் 30 புள்ளி குவிஸ் 2ஐத் தவறவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இன்னும் எதுவும் போடாத வரை அந்தக் கட்டம் காலி, சதவீதம் 76.8லேயே நிற்கும். ஆசிரியர் 0 போட்ட நிமிடம் 192ஐ 280ஆல் வகுக்க வேண்டும், 68.6 ஆகிவிடும். புதிதாக எந்தத் தேர்வும் எழுதாமலே எட்டு சதவீதம் காணாமல் போகும். "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தப் புது பூஜ்யத்தைத்தான். மருத்துவக் காரணம் போன்ற எதற்காவது அந்தக் குவிஸிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டால், அது இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும், பழைய 76.8 திரும்பி வரும். காலி கட்டத்தை விட்டுவிட்டுக் காட்டும் சதவீதத்தை நம்பி நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. கெடு தாண்டியும் காலியாக இருக்கும் கட்டம் பெரும்பாலும் பூஜ்யமாகப்போகிற கட்டம். அதை நீங்களே 0 என்று வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேன்வாஸ் பயன்படுத்துகிறவர்கள் மதிப்பெண் பக்கத்தில் `Calculate based only on graded assignments` என்ற தேர்வுக் கட்டத்தைக் கவனிக்க வேண்டும். அதில் டிக் இருந்தால் திருத்திய வேலைகள் மட்டும் கணக்கில் வரும். டிக்கை எடுத்துவிட்டால் காலி கட்டங்கள் எல்லாம் பூஜ்யமாக எண்ணப்படும், சதவீதம் சட்டென்று விழும். எதுவும் கெட்டுப்போகவில்லை. தோழி போட்ட கணக்கைத்தான் அது போடுகிறது.

இதையே ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்துக்கொள்வது சுலபம். B நெடுவரிசையில் பெற்றது, C நெடுவரிசையில் மொத்தம், இன்னும் திருத்தாததற்கு B காலி:

```
=SUM(B2:B20)/SUMPRODUCT(ISNUMBER(B2:B20)*C2:C20)*100
```

B கட்டத்தில் எண் இருந்தால் மட்டும் அதன் மொத்தம் கீழே சேரும். 0 போட்டால் அதுவும் எண்தான், எனவே சேரும். "விலக்கு" என்று எழுத்தில் எழுதினால் சேராது. வெறும் `SUM(C2:C20)` என்று கீழே போட்டால் தோழியின் 38.4 வந்து நிற்கும்.

எக்ஸ்ட்ரா கிரெடிட்டில்தான் ஆசிரியர்களே சில சமயம் சறுக்குகிறார்கள். கூடுதல் புள்ளி மேலே மட்டும் சேர வேண்டும், கீழே சேரக்கூடாது. இந்தப் பெண் 10 புள்ளி கூடுதல் வேலையை முழுதாகச் செய்தால் 202ஐ 250ஆல் வகுத்து 80.8. அதையே 10க்கு 10 என்று சாதாரண வேலையாகப் பதிந்துவிட்டால் 202ஐ 260ஆல் வகுத்து 77.7. செய்தது ஒரே வேலை, மூன்று சதவீதம் போய்விட்டது. இன்னும் மோசம், அதைச் செய்யாதவர்களுக்கு 10க்கு 0 விழுந்து, விருப்ப வேலை தண்டனையாக மாறிவிடும். எக்ஸ்ட்ரா கிரெடிட் பதிந்ததும் உங்கள் மொத்தம் 250லேயே இருக்கிறதா, 260 ஆகிவிட்டதா என்று பார்த்தால் போதும், உடனே தெரிந்துவிடும். இன்னொன்று: அந்த 10 புள்ளி இப்போது நான்கு சதவீதமாகத் தெரிந்தாலும், 500 புள்ளியும் நடந்து முடிந்த பிறகு அதன் மதிப்பு இரண்டு சதவீதம்தான்.

"குறைந்த வீட்டுப்பாடம் ஒன்று நீக்கப்படும்" என்ற சலுகையிலும் ஒரு வேடிக்கை உண்டு. இவளுடைய குறைந்த வீட்டுப்பாடம் 20க்கு 18. அதை நீக்கினால் 174ஐ 230ஆல் வகுக்க வேண்டும், 75.7. சலுகையில் சதவீதம் இறங்கிவிட்டது! காரணம் எளிது. அந்த 18 அவளுடைய மோசமான வீட்டுப்பாடமாக இருக்கலாம், ஆனால் 90 சதவீதம் அது. மொத்தம் 76.8ஐ விட மேலே இருப்பதால் அது மொத்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எந்த வேலையையும் இப்படிச் சோதிக்கலாம்: அதன் சதவீதம் உங்கள் இப்போதைய சதவீதத்துக்கு மேல் என்றால் சேரும்போது ஏற்றும், நீக்கும்போது இறக்கும்.

"80 வர நான் என்ன வாங்கணும்?" என்று கடைசியில் கேட்டாள். இந்தக் கேள்விக்கு 76.8 என்ற சதவீதத்தை மறந்துவிட்டு, புள்ளிகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். 500இல் 80 சதவீதம் 400. கையில் 192 இருக்கிறது. இன்னும் 208 வேண்டும். மிச்சம் இருப்பது 250. 208ஐ 250ஆல் வகுத்தால் 83.2 சதவீதம். இனி வரும் எல்லா வேலைகளிலும் சேர்த்து அவளுக்கு அந்தத் தரம் வேண்டும். 90 கேட்டால் 450 வேண்டும், 258 குறைகிறது, ஆனால் மிச்சம் 250தான். எக்ஸ்ட்ரா கிரெடிட் இல்லாமல் அது நடக்காது.

இந்த எதிர்காலக் கணக்கு பாடத்தின் முழு மொத்தம் மாறாத வரைதான் செல்லும். நடுவில் ஒரு வேலை ரத்தானாலோ, புதிதாக ஒரு குவிஸ் சேர்ந்தாலோ 500 வேறு எண்ணாகிவிடும், திரும்பப் போட வேண்டியதுதான். முழுமையாக்குவதைக் கடைசி விடையில் ஒருமுறை மட்டும் செய்யுங்கள். 79.96ஐத் திரை 80.0 என்று காட்டலாம். ஆனால் கிரேடு அதைப் பார்த்துப் போடப்படுமா, முழுமையாக்காத எண்ணைப் பார்த்தா என்பது சிலபஸில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

அவள் போனை வாங்கிக்கொண்டு 208 என்று மட்டும் ஒரு குறிப்பில் தட்டி வைத்தாள். தோழி தன் 38.4ஐ இன்னும் அழிக்கவில்லை.