அப்டேட்டுக்குப் பிறகு கேம் திறக்க நேரமாகிறதா? ஹார்ட் டிஸ்க்கில் டீஃப்ராக் எப்போது உதவும், எஸ்எஸ்டியில் ஏன் வேண்டாம்

சர்வீஸுக்கு வரும் கேமிங் கணினிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "புதுசா இன்ஸ்டால் பண்ணப்ப நல்லாத்தான் ஓடுச்சு. நாலஞ்சு அப்டேட் வந்தப்புறம் லோடிங் திரையிலேயே நிக்குது." பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதேதான். கேம் இருக்கும் டிரைவ் ஹார்ட் டிஸ்க்காகவும், அது முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியதாகவும் இருந்தால், முதல் சந்தேகம் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதன் மேல்தான். அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்த்துத் தொடர்ச்சியாக அடுக்கும் வேலைதான் டீஃப்ராக்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றுகிறது, ரீட் ஹெட் அதன் மேல் நகர்ந்து படிக்கிறது. 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லி விநாடி ஆகும். ஹெட் சரியான தடத்துக்குப் போக சராசரியாக 8 மில்லி விநாடி, வேண்டிய இடம் சுற்றி வர இன்னும் 4. ஆக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ ஏறக்குறைய 12 மில்லி விநாடி. தாவாமல் நேராகப் படித்தால் இதே டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வரை தரும்.

கேம் கோப்புகள் எங்கே இருக்கின்றன? ஸ்டீமில் `steamapps\common` என்ற ஃபோல்டருக்குள், ஒவ்வொரு கேமும் தனித்தனி ஃபோல்டராக. உள்ளே போய் அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். 90 ஜிபி கேமில் பெரும்பங்கு ஒரு சில பெரிய பேக் கோப்புகளிலேயே அடங்கியிருக்கும். படம், ஒலி, மேப் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருக்கும் கோப்புகள் அவை. அப்டேட் வரும்போது ஸ்டீம் மாறிய பகுதிகளை `steamapps\downloading` ஃபோல்டரில் இறக்கிவிட்டு, பேக் கோப்பைத் திருத்தி எழுதுகிறது. டிஸ்க்கில் தொடர்ச்சியான காலியிடம் இல்லாவிட்டால், கிடைத்த இடைவெளிகளில் எல்லாம் புதுக் கோப்பு சிதறி உட்காரும்.

சிதறலை ஊகிக்க வேண்டாம், எண்ணியே பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் `contig` என்ற சிறு கருவி இலவசமாகக் கிடைக்கும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இப்படி ஓட்டுங்கள்:

```
contig -a -s "D:\SteamLibrary\steamapps\common\*"
```

`-a` கொடுத்தால் எதையும் நகர்த்தாது, எண்ணிக்கையை மட்டும் சொல்லும்.

ஒரு 4 ஜிபி பேக் கோப்பு 18,000 துண்டாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு சராசரியாக 230 கேபி. கேம் ஒரு மேப்பைத் திறக்க அதில் 1 ஜிபி படிக்கிறது என்றால், நேராகப் படித்தால் 7 விநாடி. சிதறியிருந்தால் 4,500 தாவல், தலா 12 மில்லி விநாடி, கூடுதலாக 54 விநாடி. பக்கத்துத் தடத்துக்குத் தாவ நேரம் குறைவு என்பதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். ஆனாலும் லோடிங் திரையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்தான்.

அதே கோப்பு 60 துண்டாக இருந்தால்? 60 தாவலும் சேர்ந்து ஒரு விநாடிகூட ஆகாது. தொடவே வேண்டாம். விண்டோஸும் இதே கணக்கைத்தான் போடுகிறது: 64 எம்பிக்கு மேல் உள்ள துண்டுகளை அது சிதறலாகவே கருதுவதில்லை. துண்டுகள் சிலவாக இருந்தும் விண்டோஸ் 0% என்று காட்டினால் குழம்ப வேண்டாம்.

சரி, 18,000 துண்டு வந்திருக்கிறது. உடனே டீஃப்ராக் பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டிஸ்க் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். `05` (Reallocated Sectors Count), `C5` (Current Pending Sector Count) இரண்டில் எதிலாவது `Raw Values` பத்தியில் சுழியம் அல்லாத எண் இருந்தால் டீஃப்ராக் கிடக்கட்டும், முதல் வேலை பேக்கப். டீஃப்ராக் என்பது மணிக்கணக்கில் இடைவிடாமல் படித்து எழுதும் வேலை. தள்ளாடும் டிஸ்க்கை அது படுக்க வைத்துவிடும். சித்திரை வெயிலில் மூடிய அறையில் மதியம் ஓட்டுவதும் நல்லதல்ல, டிஸ்க் வெப்பநிலை 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டு இரவில் தொடருங்கள். கரண்ட் போகும் ஏரியா என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது காலியிடம். டீஃப்ராக் ஒழுங்காக வேலை செய்ய 15% காலியாக இருக்க வேண்டும். 1 டிபி டிஸ்க்கில் விண்டோஸ் காட்டுவது 931 ஜிபி, அதில் 15% என்றால் சுமார் 140 ஜிபி. ஆடாத கேம்களை முதலில் நீக்குங்கள், பிறகு ஓட்டுங்கள்:

```
defrag D: /U /V
```

பழைய, நிறைந்த டிஸ்க் என்றால் ஓர் இரவு போய்விடும். ஒரே கேம்தான் பிரச்சினை என்றால் எங்கள் சிபாரிசு வேறு. ஸ்டீமில் அந்த கேமின் `Properties`, `Installed Files` போய் `Move install folder` மூலம் வேறொரு டிரைவுக்கு மாற்றுங்கள். D-யில் காலியிடம் ஒழுங்கானதும் திரும்பக் கொண்டுவாருங்கள். புதிதாக எழுதப்படும் கோப்பு பெரும்பாலும் தொடர்ச்சியாகவே உட்காரும். விநாடிக்கு 100 எம்பி என்றாலும் 90 ஜிபிக்கு ஒரு வழிக்குக் கால் மணி நேரம்தான்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டீஃப்ராக் கோப்பைத் தொடர்ச்சியாக்கும், கோப்புக்கு உள்ளே கேம் அங்குமிங்கும் தாவிப் படிப்பதை மாற்றாது. ஒரு மரம், ஒரு தெருவிளக்கு என்று பத்து இடத்திலிருந்து எடுக்கும் ஓபன் வேர்ல்டு கேம்களில் மிச்சத் தாமதம் இருந்தே தீரும். தாவலைக் குறைக்க ஒரே பொருளைப் பல இடங்களில் நகல் வைப்பது ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கம். ஒரு கேமில் சில தரவுகள் 400 முறை நகல் எடுக்கப்பட்டிருந்ததாக பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் சொன்னார்.

இனி எஸ்எஸ்டி. அதில் ஹெட்டும் இல்லை, சுற்றும் தட்டும் இல்லை. எந்த இடத்தைக் கேட்டாலும் ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. மேலே சொன்ன அதே 4,500 தாவலுக்கு அரை விநாடிக்கும் கீழே. தவிர, விண்டோஸுக்குத் தெரியும் வரிசை வேறு, சிப்பில் தரவு இருக்கும் இடம் வேறு. எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர்தான் எங்கே எழுதுவது என்று முடிவு செய்கிறது. நீங்கள் அடுக்கி வைத்தாலும் உள்ளே அது அடுக்காக இருக்காது. ஒரே முறை டீஃப்ராக் செய்தால் எஸ்எஸ்டி செத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. பலனே இல்லாமல் எழுதும் ஆயுளைச் செலவழிக்கிறீர்கள், அவ்வளவுதான். வாரா வாரம் ஓடும்படி வைத்த தனியார் டீஃப்ராக் மென்பொருள் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

எஸ்எஸ்டிக்குத் தேவை ட்ரிம். அழித்த கோப்புகளின் இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும் வேலை அது. விண்டோஸ் தானாகவே செய்கிறது. `dfrgui` என்று தட்டித் திறந்தால் `Media type` பத்தியில் `Solid state drive` என்று இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து குளோன் செய்த சில கணினிகளில் இங்கே `Hard disk drive` என்றே நிற்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் `winsat formal` ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு டிரைவும் உள்ள கணினியில் ஓபன் வேர்ல்டு கேம்களை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். பழைய, சிறிய கேம்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கலாம். பெரிய அப்டேட் வந்த பிறகு மட்டும் `contig -a` ஓட்டிப் பாருங்கள்.