450 நோட்டீஸை விட 500 நோட்டீஸ் மலிவு

தைப்பூசக் காவடிக்கு 450 வண்ண நோட்டீஸ் போதும் என்று எங்கள் டர்பன் கோயில் கமிட்டி முடிவு செய்தது. சாட்ஸ்வர்த்தில் ஓர் அச்சகம் தந்த கொட்டேஷன் இப்படி இருந்தது: ஆரம்பச் செலவு 800 ராண்ட். அதற்கு மேல் ஒன்றுக்கு, 249 வரை 6 ராண்ட், 250 முதல் 5, 500 முதல் 3.80, ஆயிரத்திலிருந்து 3.20.

450-க்குக் கணக்குப் போட்டால் 800 + 2,250 = 3,050 ராண்ட். 500-க்கு 800 + 1,900 = 2,700. ஐம்பது நோட்டீஸ் கூடுதலாக வாங்கினால் 350 ராண்ட் குறைகிறது! பொருளாளர் அண்ணன் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

காரணம், புதிய விலை மொத்த எண்ணிக்கைக்கும் பொருந்துகிறது. அதனால் 500-ஐத் தொடும் இடத்தில் மொத்தத் தொகை படியிறங்குகிறது. எந்த எண்ணிக்கையிலிருந்து அடுத்த படிக்குத் தாவலாம் என்பதை ஒரே வகுத்தலில் கண்டுபிடிக்கலாம். ஆரம்பச் செலவு போக 500-இன் விலை 1,900. அதை நம் படியின் விலையான 5 ஆல் வகுத்தால் 380. ஆக, 381 முதல் 499 வரை கேட்பவர் வீணாகக் கூடுதல் பணம் தருகிறார். ஆரம்பச் செலவு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால் இந்தக் கணக்கில் அது வராது.

சில கடைகள் வருமான வரி போலக் கணக்குப் போடும்: முதல் 250-க்கு 6, அடுத்த 250-க்கு 5 என்று. அங்கே 450-க்கு 3,300, 500-க்கு 3,550, படியிறக்கமே கிடையாது. கொட்டேஷன் அட்டவணையைப் பார்த்து எந்த முறை என்று சொல்ல முடியாது. "450-க்கும் 500-க்கும் மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

அந்த 800 எங்கே போகிறது? ஆஃப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட் வேண்டும். அவற்றை மாட்டி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்வரை தாள்கள் கழிவாகப் போகும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நூறு அடித்தால் ஒன்று 14 ராண்ட் ஆகிறது, ஆயிரம் அடித்தால் 4 ராண்ட்.

இதில்தான் நாங்கள் சறுக்கினோம். பாதியைத் தமிழிலும் பாதியை ஆங்கிலத்திலும் கேட்டோம். எழுத்துகள் நீலத்தில் இருந்தன, முருகன் படமும் இரண்டுக்கும் வேறு. கடைக்காரர் இரண்டு வேலையாக எண்ணினார்: தலா 250, தலா 800. மொத்தம் 4,100. படத்தை ஒன்றாக்கி எழுத்தைக் கறுப்பில் மட்டும் வைத்திருந்தால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், 500-இன் விலையையும் கேட்டு வாங்கியிருக்கலாம். மேலே 15% வாட் வேறு. அது எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் என்பதால் எது மலிவு என்பதை மாற்றாது.