படிப்படியான மேம்பாடு

ப்ரோக்ரசிவ் என்ஹான்ஸ்மென்ட் என்ற தொடரை ஸ்டீவன் சாம்பியன் 2003-இல் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார். எல்லா உலாவியிலும் வேலை செய்யும் எளிய பக்கத்தை முதலில் அமைத்து, வசதிகளை அதன்மேல் அடுக்கடுக்காகச் சேர்ப்பதே இதன் பொருள்.

‘முற்போக்கு மேம்பாடு’ என்று எழுதினால் ஏதோ கட்சிப் பெயர் போல ஒலிக்கிறது. ப்ரோக்ரசிவ் என்பதன் லத்தீன் வேர் அடி எடுத்து வைப்பதைக் குறிக்கும். என்ஹான்ஸ் ‘உயரம்’ என்ற வேரிலிருந்து வந்தது. ஆக, படியும் மேலும் உள்ள ‘படிப்படியான மேம்பாடு’ நன்றாகவே பொருந்துகிறது.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மாலை ஆர்டர் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி குரோமில் எல்லாம் சரி. ஐபோன் 7 வைத்திருக்கும் அக்கா ‘ஆர்டர்’ பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. குரோம் போட்டுப் பாருங்கள் என்பதும் வீண். நம்மூர் ஐபோன்களில் குரோமுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் இயந்திரம்தான். போனை மேக்கில் இணைத்து வெப் இன்ஸ்பெக்டரைத் திறந்தால் `invalid group specifier name` என்ற பிழை தெரியும். காரணம், மொத்தத் தொகைக்காக விலையைப் பிரித்தெடுக்கும் இந்த வரி:

```js
const vilai = text.match(/(?<=RM)\d+/)[0];
```

`(?<=` என்பது எண்ணுக்கு முன்னால் RM இருக்கிறதா என்று பார்க்கும் பின்னோக்குத் தேடல். குரோமில் இது 2017 முதல் உண்டு. சஃபாரிக்கு அது 2023-இல், ஐஓஎஸ் 16.4-இல்தான் வந்தது. ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஐத் தாண்டாது. உலாவி கோப்பை ஓட்டுவதற்கு முன்பே முழுவதும் படித்துப் பார்க்கும். அப்போதே இந்த வரியில் இடறிவிடுவதால் அந்தக் கோப்பில் ஒரு வரிகூட ஓடாது. வரியைச் சுற்றி `try` போட்டாலும் பயனில்லை.

வரியைத் திருத்துவது சுலபம்:

```js
const vilai = text.match(/RM(\d+)/)[1];
```

ஆனால் இதோடு நிறுத்தினால் அது ஒட்டுவேலை. தொகை கணக்கிடும் வரி கெட்டால் ஆர்டரே ஏன் நிற்க வேண்டும்? இந்தப் பக்கத்தின் பொத்தான் வெறும் `<div>`. அனுப்பும் வேலையும் அதே ஸ்கிரிப்ட்டின் தலையில் இருந்தது. படிப்படியான மேம்பாட்டில் அடிப்படி, சர்வர் முகவரியை `action`-இல் கொண்ட உண்மையான `<form>`, அதற்குள் `type="submit"` பொத்தான். ஸ்கிரிப்ட் செத்தாலும் ஆர்டர் போய்ச் சேரும். தொகையைத் திரையில் உடனுக்குடன் காட்டுவது இரண்டாம் படி. தொகையை சர்வரும் தனியாகக் கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் கடைக்கு வரும் ஆர்டரில் விலை இருக்காது.

சோதிக்க, ஐபோன் அமைப்புகளில் சஃபாரியின் மேம்பட்ட பகுதிக்குப் போய் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு ஒரு மாலை ஆர்டர் செய்து பாருங்கள். திரையில் தொகை மாறாது, ஆனால் ஆர்டர் கடைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அடிப்படி இன்னும் போடப்படவில்லை.