ஐந்தாவது மோசமான நாள்: கடந்தகால விலைகளிலிருந்து ஒரு நாள் இடர் மதிப்பைக் கணக்கிடுதல்

1,00,000 மதிப்புள்ள ஒரு சிறிய முதலீட்டுத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 50,000 முதல் நிறுவனப் பங்கிலும், 30,000 இரண்டாவது நிறுவனப் பங்கிலும், 20,000 தங்க நிதியிலும் இருக்கின்றன. நாளை ஒரே நாளில் இத்தொகுப்பு எவ்வளவு இழக்கக்கூடும் என்பதற்கு ஒரே எண்ணில் பதில் தர முயல்வதே ‘வேல்யூ அட் ரிஸ்க்’ எனப்படும் இடர் மதிப்பு. 99 சதவீத ஒரு நாள் இடர் மதிப்பு 2,480 என்றால், நூற்றில் ஒரு நாள் மட்டுமே இழப்பு 2,480ஐத் தாண்டும் என்று நாம் மதிப்பிடுகிறோம் என்பது பொருள். தாண்டும் அந்த நாளில் இழப்பு 2,500ஆக இருக்குமா, 25,000ஆக இருக்குமா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

கணக்கிடும் வழி எளிமையானது. கடந்த 500 வர்த்தக நாட்களில் மூன்று முதலீடுகளின் விலையும் ஒவ்வொரு நாளும் எத்தனை சதவீதம் மாறியது என்பதை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றங்களை இன்று கையில் உள்ள தொகைகளின் மீது பொருத்த வேண்டும். ஒரு நாளில் முதல் பங்கு 3.2 சதவீதமும் இரண்டாவது பங்கு 1.5 சதவீதமும் இறங்கி, தங்க நிதி 0.8 சதவீதம் ஏறியிருந்தால், அத்தகைய நாள் நாளை மீண்டும் வந்தால் நமக்கு 1,600, 450 என இரண்டு இழப்புகளும் 160 ஆதாயமும் சேர்ந்து, நிகரமாக 1,890 இழப்பு ஏற்படும். அந்த நாளில் நம்மிடம் எந்தப் பங்கு எவ்வளவு இருந்தது என்பது இங்கே பொருட்டல்ல. ஒரே நாளின் மூன்று மாற்றங்களையும் பிரிக்காமல் சேர்த்தே எடுப்பதால், பங்குகள் சேர்ந்து விழும் பழக்கமும் தங்கம் எதிர்த்திசையில் நகரும் பழக்கமும் தனிக் கணக்கு எதுவுமின்றி உள்ளே வந்துவிடுகின்றன. இம்முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பது என் எண்ணம்.

இவ்வாறு கிடைக்கும் 500 இழப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துகிறோம். 500இல் ஒரு சதவீதம் ஐந்து. ஆகவே வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் இழப்பை இடர் மதிப்பாகக் கொள்கிறோம். நம் தொகுப்பில் முதல் ஆறு இழப்புகள் 4,310, 3,640, 3,050, 2,720, 2,480, 2,390 என வந்ததாக வைத்துக்கொள்வோம். கீழே `returns` என்பது 500 நாட்களின் மாற்றங்கள், 3.2 சதவீதம் 0.032 என்று எழுதப்பட்ட அட்டவணை; `amounts` என்பது இன்றைய மூன்று தொகைகள்.

```python
pnl = returns @ amounts
losses = -pnl.sort_values()
var99 = losses.iloc[4]        # 2480
```

இதே தரவை `np.quantile(pnl, 0.01)` என்ற கட்டளைக்குக் கொடுத்தால் ஏறத்தாழ −2,391 என்று வரும். அது ஐந்தாவது, ஆறாவது எண்களுக்கு இடையே இடைக்கணிப்பு செய்து, ஆறாவதற்கு மிக அருகில் போய் நிற்கிறது. இரண்டில் எதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறோம் என்பதை எழுதி வைத்து, எல்லா நாட்களிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

500 நாள் தரவு என்றவுடன் மனத்தில் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. உண்மையில் முடிவைத் தீர்மானிப்பவை அவற்றில் ஒரு கைப்பிடி நாட்கள்தாம். உண்மையான ஒரு சதவீத எல்லை நமக்குத் தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும், 500 நாட்களில் அதைத் தாண்டும் நாட்கள் சரியாக ஐந்தாக இருக்க வேண்டியதில்லை. சராசரி ஐந்து, திட்ட விலக்கம் சுமார் 2.2. நாட்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், உண்மையான எல்லை நம் வரிசையின் இரண்டாவது இழப்புக்கும் பத்தாவது இழப்புக்கும் இடையே இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 93 சதவீதம். பத்தாவது இழப்பு 2,050 என்றால், ‘2,480’ என்று நாம் துல்லியமாகச் சொன்ன எண்ணின் நேர்மையான வடிவம் ‘2,050க்கும் 3,640க்கும் இடையே எங்கோ’ என்பதாகும். இடர் மதிப்பை அறிக்கையில் எழுதுபவர் இந்த இடைவெளியையும் அருகிலேயே எழுத வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

முடிவு சில நாட்களையே நம்பியிருப்பதால், அந்த நாட்களில் ஒன்று பொய்யானதாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்ட நாளில் விலை 80 சதவீதம் குறைந்து காணப்படும். பழைய விலைகளை அதற்கேற்பத் திருத்தாமல் விட்டால், முதல் பங்கில் 40,000 என்ற போலி இழப்பு பட்டியலின் உச்சியில் வந்து அமரும். மற்றவை ஒவ்வொரு படி கீழிறங்க, ஐந்தாவது இடத்துக்கு 2,720 வரும். அந்த எண்ணில் சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை. இவ்வளவு பெரிய பிழை இறுதி விடையில் 240ஆகச் சுருங்கி ஒளிந்துகொள்வதால், விடையை மட்டும் பார்ப்பவரால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே ஒவ்வொரு முறையும் மிக மோசமான பத்து நாட்களின் தேதிகளை அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் சந்தையில் உண்மையாகவே ஏதேனும் நடந்ததா என்று பார்ப்பது நல்லது. தேதி வரிசை ஒரு நாள் பிசகியிருப்பது இன்னொரு வகைப் பிழை. அப்போது சேர்ந்து விழுந்த இரு பங்குகள் வெவ்வேறு நாட்களில் விழுந்தவை போலத் தோன்றி, இழப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஒரே துறையைச் சேர்ந்த பங்குகளுக்கிடையே ஒட்டுறவு அநேகமாகச் சுழியாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தரவு சரியாக இருந்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. 500 நாட்களுக்கு முன்பு நேர்ந்த 3,640 இழப்பு நாளை கணக்கிலிருந்து வெளியேறும்போது, 2,390 ஐந்தாம் இடத்துக்கு ஏறி, சந்தையில் எதுவும் மாறாமலே இடர் மதிப்பு குறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, சந்தை கொந்தளிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில், அமைதியான 495 நாட்களுக்கும் புதிய ஐந்து நாட்களுக்கும் ஒரே எடை கொடுக்கப்படுவதால் எண் மிக மெதுவாகவே உயரும்.

இதைச் சரிசெய்ய ஜான் ஹல், ஆலன் வைட் இருவரும் 1998இல் முன்வைத்த வழி, ஒவ்வொரு பழைய மாற்றத்தையும் அன்றைய ஏற்ற இறக்க அளவால், அதாவது அக்காலத்தில் விலை ஒரு நாளில் வழக்கமாக எவ்வளவு நகர்ந்தது என்ற மதிப்பீட்டால், வகுத்து இன்றைய அளவால் பெருக்குவதாகும். அந்த அளவு 0.8 சதவீதமாக இருந்த நாளில் பங்கு 2.4 சதவீதம் விழுந்திருந்து, இன்று அளவு 1.6 சதவீதம் என்றால், அந்த வீழ்ச்சியை 4.8 சதவீதமாகக் கொள்கிறோம். ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தை நாள்தோறும் புதுப்பிக்க, முந்தைய மதிப்பில் 0.94 பங்கும் கடைசி நாள் மாற்றத்தின் வர்க்கத்தில் 0.06 பங்கும் கூட்டினால் போதும்; 0.94 என்பது ஜே.பி. மார்கன் வங்கி 1990களில் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறை தினசரித் தரவுக்குப் பயன்படுத்திய எண்.

இரண்டு வழிகளில் எது நம் தொகுப்புக்குப் பொருந்துகிறது என்பதைப் பின்சோதனை காட்டும். ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தைய 500 நாட்களை மட்டும் கொண்டு இடர் மதிப்பைக் கணக்கிட்டு, மறுநாள் இழப்பு அதைத் தாண்டியதா என்று குறித்து வைக்க வேண்டும். 250 நாட்களில் எதிர்பார்க்கப்படும் மீறல்கள் இரண்டு அல்லது மூன்று. வங்கிகளுக்கான பாசல் விதிமுறையில் நான்கு வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. எண்ணிக்கையோடு தேதிகளையும் பார்க்க வேண்டும். நான்கு மீறல்கள் ஆண்டு முழுதும் சிதறியிருந்தால் கவலையில்லை; அதே நான்கும் மூன்று வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்திருந்தால், எண்ணிக்கை பச்சையில் இருந்தாலும், கொந்தளிப்பு தொடங்கியதை நம் கணக்கு உரிய நேரத்தில் உணரவில்லை என்று பொருள். அந்த மூன்று வாரங்களை ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் மீண்டும் ஓட்டிப் பார்த்தால், முதல் மீறல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். குறைய வேண்டியவை அதற்குப் பின் வந்தவைதாம்.