படத்தில் பெரிய பூ, தரையில் சின்னப் பூ

டைல் பதித்து முடித்த வராண்டாவில், நான் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்த ரெண்டர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் வீட்டுக்காரர். "படத்துல பூ பெருசா இருந்துச்சே, இங்க ஏன் இப்படிச் சுருங்கிப் போச்சு?" என்றார். பதித்தவர் மேல் தப்பில்லை, தப்பு என் படத்தில்தான்.

சிமென்ட் பூ டைல் பெரும்பாலும் 200 மி.மீ. சதுரம். எங்கள் வடிவத்தில் நாலு டைல் கூடினால்தான் ஒரு பூ முழுமையாகும். ரெண்டரில் தரை முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் என் டெக்ஸ்சர் படத்தில் வரிசைக்கு நாலு டைலாக நாலு வரிசை இருந்தன. அதை 1200 மி.மீ. அகலத்துக்கு விரித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு டைலும் 300 மி.மீ. ஆகி, 4200-க்கு 1800 மி.மீ. வராண்டாவில் 21 பூக்களே தெரிந்தன. உண்மையில் வரவேண்டியவை 40.

டெக்ஸ்சரை விரிக்க வேண்டிய சரியான அகலம் 800-ம் இல்லை, 808 மி.மீ. டைலுக்கு டைல் விடும் 2 மி.மீ. கிரவுட் கோட்டையும் சேர்க்க வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் குறுக்கே 8, நீளவாக்கில் 20 முழு டைல்கள் உட்காரும். இரண்டும் இரட்டை எண் என்பதால் எந்தப் பூவும் பாதியில் வெட்டுப்படாது. கோடு போக மிஞ்சுவது நீண்ட சுவரோரங்களில் தலா 91, குறுகிய ஓரங்களில் தலா 79 மி.மீ. அங்கே பூவில்லாத டைலை வெட்டி பார்டராகக் காட்டலாம். மூலையிலிருந்து டெக்ஸ்சரைத் தொடங்கினால் இந்த முடிவு கண்ணுக்கே வராது, எதிர்ச்சுவரில் அரைப்பூ நிற்கும். நடுவிலிருந்து தொடங்குங்கள்.

கிரவுட் கோட்டில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டெக்ஸ்சர் படத்தின் நாலு ஓரத்திலும் முழு 2 மி.மீ. கோடு இருந்தால், படம் பக்கத்தில் பக்கம் அடுக்கப்படும்போது ஒவ்வொரு நாலாவது கோடும் 4 மி.மீ. ஆகிவிடும். தரையைப் பார்த்ததும் பெரிய கட்டம் போட்டதுபோலத் தோன்றினால் காரணம் இதுதான். ஓரங்களில் பாதிக்கோடு, அதாவது 1 மி.மீ. மட்டும் விட வேண்டும். சரிபார்க்க 2020 மி.மீ. நீளத்துக்கு ஒரு பெட்டியைத் தரைமேல் வைத்து எண்ணுங்கள். சரியாகப் பத்து டைல் வர வேண்டும்.

இன்னொன்று, தூரத்தில் கோடு தெரியவில்லை என்று அதைத் தடிப்பாக்காதீர்கள். 4200 மி.மீ. அகலத்தை 1920 பிக்சலில் காட்டினால் ஒரு பிக்சலே சுமார் 2.2 மி.மீ. ஆகிறது. அந்தக் கோடு மங்குவது இயல்பு. ரெண்டரின் பிக்சல் எண்ணிக்கையையும், ஒவ்வொரு பிக்சலுக்கும் கணக்கிடும் சாம்பிளையும் கூட்டினால் போதும். தடித்த கறுப்புக் கோட்டைப் பார்த்துப் பழகியவர், நெருக்கிப் பதித்த நிஜத்தரையைப் பார்த்ததும் கிரவுட்டே போடவில்லை என்று பதித்தவரிடம் சண்டைக்குப் போவார்.