30 சதவீதப் பங்குக்கு லாபம் 60 லட்சமா, 48 லட்சமா?

ஒரு கம்பெனியில் உங்கள் நிறுவனத்துக்கு 30 சதவீதப் பங்கு இருக்கிறது. அந்தக் கம்பெனி இந்த வருடம் வரி போக 200 லட்சம் லாபம் ஈட்டி, அதில் 80 லட்சத்தை டிவிடெண்டாகக் கொடுத்திருக்கிறது. உங்கள் ஒருங்கிணைந்த லாப நட்டக் கணக்கில் எவ்வளவு வர வேண்டும்?

தணிக்கைக்குப் போகும் இடங்களில் இதற்கு மூன்று விதமான பதில்களைப் பார்க்கிறேன். கைக்கு வந்த டிவிடெண்ட் 24 லட்சம்தான் வருமானம் என்பார் ஒருவர். லாபத்தில் 30 சதவீதம், ஆக 60 லட்சம் என்பார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்து 84 லட்சம் எழுதியவர்களும் உண்டு. நான் கீழே எடுத்துக்கொள்ளும் கணக்கில் சரியான விடை 48 லட்சம். எப்படி என்று பார்ப்போம்.

இதற்கு ஈக்விட்டி முறை என்று பெயர். முதலில், இந்த முறை எப்போது பொருந்தும்? சர்வதேசக் கணக்கியல் தரம் 28, வாக்குரிமையில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கணிசமான செல்வாக்கு இருப்பதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படிச் செல்வாக்கு உள்ள கம்பெனிதான் அசோசியேட். இல்லையென்று தெளிவாகக் காட்ட முடிந்தால் அந்த அனுமானம் விழுந்துவிடும். 15 சதவீதமே வைத்திருந்தும் இயக்குநர் குழுவில் இடமும் கொள்கை முடிவுகளில் பங்கும் இருந்தால், அதுவும் அசோசியேட் ஆகலாம். அதனால் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் பங்குதாரர் ஒப்பந்தத்தையும் படித்தாக வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். வருடத் தொடக்கத்தில் 360 லட்சம் கொடுத்து 30 சதவீதத்தை வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று அந்தக் கம்பெனியின் ஏட்டில் நிகரச் சொத்து 900 லட்சம். ஆனால் அதன் இயந்திரங்களின் நியாய மதிப்பு, ஏட்டு மதிப்பைவிட 100 லட்சம் அதிகம். அவற்றுக்கு இன்னும் 5 வருட ஆயுள் இருக்கிறது. ஆக, நியாய மதிப்பில் நிகரச் சொத்து 1,000 லட்சம், அதில் உங்கள் பங்கு 300 லட்சம். மேற்கொண்டு கொடுத்த 60 லட்சம் குட்வில். ஒத்திவைத்த வரியை எளிமைக்காக இங்கே விட்டுவிடுகிறேன். நடைமுறையில் அதையும் கணக்கிட வேண்டும்.

பேலன்ஸ் ஷீட்டில் இந்த 300-ம் 60-ம் தனித்தனியாக வராது. 'அசோசியேட்டில் முதலீடு 360 லட்சம்' என்று ஒரே வரிதான். உள்ளே இருக்கும் பிரிவு வெளியே தெரியாததால், பலர் அதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. வாங்கிய நாளில் இந்தப் பிரிப்பைச் செய்து கோப்பில் வைக்காவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு வருடத்தின் லாபப் பங்கும் தப்பாகவே போகும்.

காரணம் இதுதான். இயந்திரத்துக்கு நீங்கள் கூடுதல் விலை கொடுத்திருக்கிறீர்கள். அசோசியேட்டின் ஏட்டிலோ பழைய மதிப்புதான் இருக்கிறது. அவர்கள் போட்ட தேய்மானம் அவர்களுக்குச் சரி, உங்களுக்குக் குறைவு. 100 லட்சத்தை 5 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 20 லட்சம், அதில் 30 சதவீதம் 6 லட்சம். 60 லட்சத்தில் இதைக் கழித்தால் 54. குட்வில்லுக்கு இப்படித் தேய்மானம் கிடையாது.

அடுத்தது சரக்கு. அசோசியேட் உங்களுக்குச் சரக்கு விற்றிருக்கிறது. வருடக் கடைசியில் உங்கள் கிடங்கில் மீதியிருக்கும் சரக்கில் அவர்கள் வைத்த லாபம் 20 லட்சம். அது இன்னும் வெளியாருக்கு விற்று ஈட்டிய லாபம் இல்லை. அதில் உங்கள் பங்கான 6 லட்சத்தை நிறுத்தி வைக்க வேண்டும். 54-ல் 6 போக 48. இந்த 6 லட்சத்தைச் சரக்கு மதிப்பில் குறைப்பவர்களும் உண்டு. நான் இங்கே முதலீட்டிலேயே குறைக்கிறேன்.

பதிவு எளிது: முதலீட்டுக் கணக்குக்கு 48 லட்சம் பற்று, 'அசோசியேட்டின் லாபத்தில் பங்கு' கணக்குக்கு வரவு. டிவிடெண்ட் வந்த நாளில் வங்கிக்கு 24 லட்சம் பற்று வைத்து, அதே தொகையை முதலீட்டுக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். லாபப் பங்காக ஏற்கெனவே சேர்த்ததில் ஒரு பகுதிதான் பணமாகத் திரும்பியிருக்கிறது. அதை மறுபடி வருமானமாகக் காட்டினால் ஒரே லாபம் இரண்டு முறை ஏறிவிடும். 84 லட்சத்தில் நடந்தது அதுதான். ஆக வருடக் கடைசியில் முதலீடு 360 + 48 − 24, அதாவது 384 லட்சம்.

இது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். நியாய மதிப்பில் தொடங்கிய 1,000 லட்சத்தோடு லாபம் 200-ஐக் கூட்டி, கூடுதல் தேய்மானம் 20, டிவிடெண்ட் 80, சரக்கில் தங்கிய லாபம் 20 ஆகியவற்றைக் கழித்தால் 1,080. அதில் 30 சதவீதம் 324, குட்வில் 60, மொத்தம் 384. இரண்டு வழியும் ஒத்துப்போகிறது. நான் கோப்பைத் திறந்ததும் முதலில் தேடுவது இந்த ஒப்பீட்டுத் தாளைத்தான். வித்தியாசம் சரியாக 24 ஆக இருந்தால் டிவிடெண்டைக் கழிக்கவில்லை; 6 ஆக இருந்தால் தேய்மானமோ சரக்கோ விட்டுப்போயிருக்கிறது.

இன்னும் சிக்கலான இடம் நட்டம். இரண்டாம் வருடம் அசோசியேட்டுக்கு 1,400 லட்சம் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 420. கூடுதல் தேய்மானம் 6 சேரும். போன வருடச் சரக்கு இப்போது விற்றுப்போனதால் நிறுத்தி வைத்த 6 திரும்ப வரும். ஆக நட்டப் பங்கு 420 லட்சம். ஆனால் முதலீட்டில் இருப்பது 384 தான். அதைப் பூஜ்யம் வரை குறைத்து நிறுத்திவிட வேண்டும். முதலீடு எதிர்மறையாகப் போகாது. மீதி 36 லட்சத்தை லாப நட்டக் கணக்கில் எழுதக் கூடாது. இதற்கு விலக்கு உண்டு. அசோசியேட்டின் கடனுக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுத்து அதனால் பொறுப்பு வந்திருந்தால், அந்த அளவுக்கு நட்டத்தை ஏற்றுப் பொறுப்பாகக் காட்ட வேண்டும். திருப்பிக் கேட்கும் எண்ணமே இல்லாத நீண்டகாலக் கடன் கொடுத்திருந்தாலும், முதலீடு தீர்ந்த பிறகு நட்டம் அந்தக் கடனைத் தின்னும்.

மூன்றாம் வருடம் மறுபடி 200 லட்சம் லாபம். 60-ல் தேய்மானம் 6 போக 54. அதை அப்படியே வருமானமாக எழுதிவிட்ட கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். எழுதாமல் விட்ட 36 முதலில் ஈடாக வேண்டும். வருமானமாக வருவது 18 லட்சம்தான். அந்த 36 லட்சம் எந்த லெட்ஜரிலும் இருக்காது. கணக்குக் குறிப்புகளில் அந்த வருட நட்டம், மொத்த நட்டம் என்று இரண்டாக வெளியிடச் சொல்லியிருக்கிறார்கள். கணக்காளர் மாறிய வருடங்களில் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்துவிட்டே லாபப் பங்கைப் பதிவு செய்யச் சொல்கிறேன்.